எதற்குமே ‘ஆம்’ சொல்லாத நிரல்

பள்ளி மாணவர்களே எழுதிவிடக்கூடிய ஒரு கணினி நிரலை நினைத்துக்கொள்ளுங்கள். அது 4, 6, 8, 10 என்று இரட்டைப்படை எண்களை வரிசையாக எடுக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிகிறதா என்று பார்க்கும். 10 என்றால் 3+7, 28 என்றால் 5+23. முடிந்தால் அடுத்த எண்ணுக்குப் போகும். அப்படி எழுத முடியாத எண் ஒன்று அகப்பட்டால், ‘ஆம், கிடைத்துவிட்டது’ என்று சொல்லி நின்றுவிடும்.

இந்த நிரல் என்றாவது நிற்குமா? யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட எண் கிடையாது என்ற ஊகம் 1742இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது. 4-க்குப் பின் பதினெட்டு சுழியம் போட்டால் வரும் எண் வரை கணினியில் சோதித்தாகிவிட்டது. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. ஊகம் உண்மையென்ற நிரூபணமும் இன்றுவரை இல்லை.

இப்போது ஒருவர் வந்து, “நான் ஒரு மென்பொருள் செய்திருக்கிறேன். எந்த நிரலின் உரையை வேண்டுமானாலும் கொடுங்கள். அது ஏதாவது ஓர் உள்ளீட்டுக்காவது ‘ஆம்’ சொல்லுமா, இல்லை எதற்குமே சொல்லாதா என்பதை மட்டும் சொல்லிவிடுவேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அடக்கமான கோரிக்கைதான். நிரல் எந்தக் கேள்விக்கு என்ன விடை தரும் என்று அவர் சொல்லப்போவதில்லை. அது முழுக்க வெறுமையானதா, இல்லையா என்பது மட்டும்தான். ஆனால் அந்த மென்பொருள் இருந்தால் கோல்ட்பாக் நிரலை அதனிடம் கொடுத்து, பல நூற்றாண்டுப் புதிரை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

சந்தேகப்பட இது போதும், நிரூபிக்கப் போதாது. மிகக் கடினமான வேலை ஒன்றை யாராவது ஒருநாள் செய்துவிடக்கூடும். அப்படியொரு மென்பொருள் எந்தக் காலத்திலும், எவ்வளவு வேகமான கணினியிலும் இருக்கவே முடியாது என்று சொல்ல வேறு வகையான வாதம் வேண்டும். கணினியியலில் அதற்கு ரிடக்‌ஷன் என்று பெயர். முடியாது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, ‘நீ சொல்லும் கருவி இருந்தால் இதையும் முடித்துவிடலாமே’ என்று காட்டுவது அது.

ஆக, முடியாது என்று தெரிந்த வேலை ஒன்று முதலில் கையில் இருக்க வேண்டும். அதைத் தந்தவர் ஆலன் டூரிங். எந்தத் தர்க்கக் கூற்றைக் கொடுத்தாலும் அது எல்லா நிலையிலும் செல்லுமா என்று இயந்திர கதியில் முடிவுசெய்யும் முறை உண்டா என்று ஹில்பர்ட்டும் ஆக்கர்மனும் 1928இல் ஒரு நூலில் கேட்டிருந்தார்கள். 1936இல் அமெரிக்காவில் அலோன்சோ சர்ச்சும் கேம்பிரிட்ஜில் டூரிங்கும் தனித்தனி வழியில் ‘இல்லை’ என்று விடை கண்டார்கள். டூரிங்கின் கட்டுரையில் உள்ள வடிவம் வேறு. இன்றைய பாடநூல்கள் அதை இப்படி அமைத்துக்கொள்கின்றன.

H என்று ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். M என்ற நிரலின் உரையையும் w என்ற உள்ளீட்டையும் அதனிடம் கொடுத்தால், M அந்த w-க்கு ‘ஆம்’ சொல்லுமா, சொல்லாதா என்று தவறாமல் சொல்லிவிட்டு நின்றுவிடும். ‘ஆம் சொல்லாது’ என்பதற்குள் இரண்டு நிலைகள் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். M ‘இல்லை’ என்று சொல்லி நிற்கலாம். அல்லது எதுவும் சொல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். சிக்கல் முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது. M-ஐ ஓட்டிப் பார்த்தால் ‘ஆம்’ வந்தால் தெரிந்துவிடும். வராவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

H இருந்தால் அதைக் கொண்டு D என்ற இன்னொரு நிரல் செய்யலாம். D ஒரு நிரலின் உரையை வாங்கும். அந்த நிரலுக்கு அதன் சொந்த உரையையே உள்ளீடாகக் கொடுத்தால் ‘ஆம்’ சொல்லுமா என்று H-இடம் கேட்கும். H எதைச் சொல்கிறதோ அதற்கு நேர்மாறாக D சொல்லும். இப்போது D-க்கு D-இன் உரையையே கொடுங்கள். D ‘ஆம்’ சொன்னால், அது ‘ஆம்’ சொல்லாது என்று H சொல்லியிருக்க வேண்டும். D ‘ஆம்’ சொல்லாவிட்டால், அது ‘ஆம்’ சொல்லும் என்று H சொல்லியிருக்க வேண்டும். எப்படிப் போனாலும் H பொய் சொல்லியிருக்கிறது. ஆகவே பொய்க்காத H கிடையாது.

இந்த வாதத்தில் ஒரு மின்வெட்டு வேகம் இருக்கிறது. படித்து முடிக்கும்போது ஏதோ கைவித்தை நடந்ததுபோலவும் தோன்றும். ஆனால் இதை ஒருமுறை செய்தால் போதும். இதற்குப் பிறகு வரும் ‘முடியாது’களுக்கெல்லாம் இந்தத் தலைகீழ் வித்தையை மறுபடி செய்ய வேண்டியதில்லை. H-க்கு வழி பண்ணிக் காட்டினால் போதும்.

வெறுமை சோதிக்கும் மென்பொருளுக்கு E என்று பெயர் வைப்போம். N என்ற நிரலைக் கொடுத்தால், N எதற்குமே ‘ஆம்’ சொல்லாது என்றால் E ‘ஆம்’ என்னும். ஏதாவது ஒன்றுக்காவது சொல்லும் என்றால் E ‘இல்லை’ என்னும். முதல் பார்வையில் இது H-க்கு உதவாது. H-க்கு வேண்டியது ஒரே ஒரு w-ஐப் பற்றிய விடை. E பேசுவதோ எல்லா உள்ளீடுகளையும் சேர்த்து. M-ஐ அப்படியே E-இடம் கொடுத்து அது ‘வெறுமை இல்லை’ என்று சொன்னால், M வேறு எதற்கோ ‘ஆம்’ சொல்கிறது என்பதாகவும் இருக்கலாம்.

வழி என்னவென்றால், M-ஐக் கொடுக்காமல் அதை உள்ளே வைத்து வேறொரு நிரலைத் தைத்துக் கொடுப்பது. பைத்தான் மொழியின் சாயலில் எழுதினால்:

```
def H(M, w):
    def N(x):
        return M(w)
    return not E(N)
```

இவ்வளவுதான் நிரூபணம். N என்பது x என்ற உள்ளீட்டை வாங்கி, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் M-ஐ w-இன் மேல் ஓட்டுகிறது. வந்த விடையைத் தன் விடையாகத் தருகிறது. E-க்குப் போவது N-இன் முழு உரை. அதற்குள் M-இன் உரையும் w-உம் எழுதப்பட்டிருக்கும்.

ஓர் உதாரணத்தில் ஓட்டிப் பார்ப்போம். M இப்படி இருக்கட்டும்:

```
def M(n):
    while n != 0:
        n = n - 2
    return True
```

இது எண்ணிலிருந்து இரண்டிரண்டாகக் கழித்துக்கொண்டே போகும். சுழியத்தைத் தொட்டால் ‘ஆம்’ சொல்லும். w என்பது 8 என்றால் 8, 6, 4, 2, 0 என்று வந்து ‘ஆம்’ கிடைக்கும். w என்பது 7 என்றால் 7, 5, 3, 1 என்று வந்து, சுழியத்தைத் தாண்டி, -1, -3, -5 என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். விடை வராது.

w = 8 என்று வைத்துத் தைத்த N-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 17-ஐக் கொடுங்கள், ‘வணக்கம்’ என்ற சொல்லைக் கொடுங்கள், ஒன்றும் கொடுக்காமலும் விடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’தான். ஏனென்றால் உள்ளே எப்போதும் ஓடுவது M(8). w = 7 என்று வைத்துத் தைத்த N-க்கு எதைக் கொடுத்தாலும் விடை வராது; ஆகவே அது எதற்குமே ‘ஆம்’ சொல்லாத நிரல். நடுநிலை என்று ஒன்று இல்லை. M அந்த w-க்கு ‘ஆம்’ சொன்னால் N எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லும். சொல்லாவிட்டால் எதற்கும் சொல்லாது. ஒற்றை உள்ளீட்டைப் பற்றிய கேள்வி, முழு வெறுமையைப் பற்றிய கேள்வியாக வேடம் மாறிவிட்டது. E-இன் விடையைத் திருப்பிப் போட்டால் H-இன் விடை. H இருக்க முடியாது என்று நமக்குத் தெரியும். எனவே E-யும் இருக்க முடியாது.

இந்த இடத்தில் நியாயமான ஓர் ஐயம் வரும். N-ஐ ஓட்டினால் அது முடிவில்லாமல் சுற்றலாமே, அப்போது H-உம் மாட்டிக்கொள்ளாதா? மாட்டாது. மேலே உள்ள H-ஐத் திரும்பப் படியுங்கள். அது N-ஐ எழுதுகிறது, ஓட்டுவதே இல்லை. N(17) என்றோ N(‘வணக்கம்’) என்றோ எங்கும் அழைப்பு இல்லை. ஒரு நிரலின் உரையை இன்னொன்றுக்குள் ஒட்டுவது சில எழுத்துகளை நகலெடுக்கும் வேலை. அது உடனே முடிந்துவிடும். எவ்வளவு ஆபத்தான நிரலையும் அதைத் தொடாமலே காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். ரிடக்‌ஷனின் பலம் முழுக்க, எழுதுவதற்கும் ஓட்டுவதற்கும் இடையிலான இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு ஐயமும் வரும். இப்படிக் குதர்க்கமாகத் தைத்த நிரல்களை E அடையாளம் கண்டு, ‘இதற்கு மட்டும் விடை சொல்ல மாட்டேன்’ என்றால்? தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அப்போது அது எந்த நிரலுக்கும் விடை சொல்லும் கருவி அல்ல. நாம் மறுத்தது அந்த ‘எந்த’ என்பதைத்தான்.

கோல்ட்பாக் நிரலைப் பற்றியும் இங்கே ஒரு திருத்தம் தேவை. அதன் வெறுமை ‘தீர்மானிக்க முடியாதது’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. ஒரே ஒரு நிரலைப் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்று சரியான விடை. ஆகவே எப்போதும் ‘ஆம்’ என்று அச்சடிக்கும் நிரல், எப்போதும் ‘இல்லை’ என்று அச்சடிக்கும் நிரல் இரண்டில் ஒன்று சரியாகச் சொல்கிறது; எது என்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தீர்மானிக்க முடியாமை என்பது எண்ணற்ற நிரல்களுக்கு ஒரே முறையால் விடை சொல்லும் வேலையின் குணம். தனி ஒரு கேள்விக்கு அந்தக் குணம் கிடையாது.

கல்லூரியில் இந்தப் பாடத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது திசையில். ‘H இருந்தால் அதை வைத்து E செய்துவிடலாம், H இல்லை, ஆகவே E இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். கேட்பதற்குச் சரிபோலவே இருக்கும். இதிலுள்ள ஓட்டையைக் காட்ட, மேலே உள்ள M-ஏ போதும். 8 இரட்டைப்படையா என்று தெரிய வேண்டுமா? H(M, 8) என்று கேளுங்கள். 7? H(M, 7). H இருந்தால் எந்த எண்ணும் இரட்டைப்படையா என்று சொல்லிவிடலாம். அதனால் இரட்டைப்படையைக் கண்டறிவது முடியாத காரியமாகிவிடுமா? கடைசி இலக்கத்தைப் பார்த்தால் தெரிந்துபோகிறது. பெரிய கருவியால் சிறிய வேலையைச் செய்ய முடியும் என்பது அந்தச் சிறிய வேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நிரூபணத்தை எழுதி முடித்ததும் கடைசியில் எந்த நிரலைக் கட்டியிருக்கிறோம் என்று பாருங்கள். ஏற்கெனவே முடியாது என்று தெரிந்த நிரல் அங்கே நிற்க வேண்டும். வேறு ஏதாவது நின்றால், திசை மாறிவிட்டது.

இரண்டாவது வழுக்கல் இதைவிட நுட்பமானது. ‘M அந்த w-க்கு ஆம் சொன்னால் N-ஐ இப்படி எழுது, சொல்லாவிட்டால் அப்படி எழுது’ என்று கட்டுமானத்தைத் தொடங்குவது. M என்ன சொல்லும் என்று தெரிந்தால்தான் N-ஐ எழுத முடியும் என்றால், தேடிவந்த விடையைத் தொடக்கத்திலேயே கடன் கேட்கிறோம். M எப்படிப்பட்டதாக இருந்தாலும் N-ஐ எழுதும் வேலை ஒரேபோல, கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டும்.

மேலே உள்ள H-இன் கடைசி வரியில் `not` என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். எனக்கோ இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். அதைத் தவிர்க்க முடியுமா? அதாவது, M அந்த w-க்கு ‘ஆம்’ சொன்னால் N வெறுமையாகவும், சொல்லாவிட்டால் N எதற்காவது ‘ஆம்’ சொல்வதாகவும் வேறொரு தையல் தைக்க முடியுமா?

அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒரு நிரல் வெறுமை *இல்லை* என்பதைக் காட்டுவது, பொறுமை இருந்தால், முடியக்கூடிய காரியம். உள்ளீடுகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் உள்ளீட்டின் மேல் நிரலை ஒரு அடி ஓட்டுங்கள். பிறகு முதல் இரண்டின் மேல் இரண்டு அடி, முதல் மூன்றின் மேல் மூன்று அடி என்று விரித்துக்கொண்டே போங்கள். எந்த உள்ளீட்டுக்காவது எத்தனையாவது அடியிலாவது ‘ஆம்’ வருமென்றால், இந்தத் தேடல் ஒருநாள் அதைத் தொட்டே தீரும். ஒவ்வோர் உள்ளீட்டையும் முடியும்வரை ஓட்டக் கூடாது. முதல் உள்ளீட்டிலேயே நிரல் சுற்றத் தொடங்கிவிட்டால் மற்றவற்றுக்கு முறை வராமலே போய்விடும். வெறுமைக்கோ இப்படி ஒரு சாட்சி கிடையாது. எவ்வளவு தூரம் தேடினாலும் ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்ல முடியும்.

இப்போது அந்த `not` இல்லாத தையல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கையில் M-ஐ w-இன் மேல் ஓட்டுங்கள். மறு கையில் அந்த N ‘ஆம்’ சொல்லும் உள்ளீட்டை மேலே சொன்னபடி தேடுங்கள். M ‘ஆம்’ சொல்லுமானால் முதல் கை முடியும். சொல்லாதென்றால் N வெறுமையானதல்ல, ஆகவே இரண்டாவது கை முடியும். இரண்டில் ஒன்று கட்டாயம் முடிவதால் H கிடைத்துவிடுகிறது, E என்ற கற்பனைக் கருவியின் உதவியே இல்லாமல்! அது நடக்காது. எனவே அந்த `not` அங்கே இருந்தே ஆக வேண்டும்.

இந்த முறையை யார் முதலில் செய்தார்கள் என்றால், அதுவும் டூரிங்தான். தன் இயந்திரங்களைப் பற்றிய முதல் முடியாமையைக் காட்டிய கையோடு, ஓர் இயந்திரம் என்றாவது 0 என்ற குறியை அச்சடிக்குமா என்ற கேள்வியையும் அதே 1936 கட்டுரையில் முதலாவதோடு கட்டிப்போட்டார். பெயரும் முறையான வடிவமும் பின்னால் வந்தன. 1944இல் எமில் போஸ்ட் எழுதிய கட்டுரை, ஒரு சிக்கலை இன்னொன்றாக மாற்றுவதன் வகைகளைப் பிரித்துக் காட்டியது. 

வெறுமை முடியாது என்று தெரிந்தபின் அதுவே அடுத்ததற்கு ஆதாரமாகிறது. இரண்டு நிரல்கள் ஒரே உள்ளீடுகளுக்குத்தான் ‘ஆம்’ சொல்கின்றனவா என்று சோதிக்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் நிரலை ஆசிரியரின் நிரலோடு ஒப்பிட எவ்வளவு வசதியாக இருக்கும்! ஆனால் இரண்டாவது நிரலாக எப்போதும் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் ஒன்றைக் கொடுத்தால், அந்தக் கருவி முதல் நிரலின் வெறுமையைச் சோதித்துவிடும். ஆகவே அதுவும் கிடையாது. ஒரே வரியில் முடிந்துவிட்டது. 1953இல் ஹென்றி கோர்டன் ரைஸ் இதைப் பொதுவாக்கினார். சில நிரல்களுக்கு இருந்து சிலவற்றுக்கு இல்லாத எந்தக் குணமானாலும், அது நிரல் எவற்றுக்கு ‘ஆம்’ சொல்கிறது என்பதை மட்டும் பொறுத்ததானால், அதை எல்லா நிரல்களுக்கும் கண்டறியும் முறை இல்லை என்று காட்டினார்.

எதுவுமே முடியாது என்று இதை விரித்துக்கொள்ளக் கூடாது. நிரலில் எத்தனை வரி இருக்கிறது என்பது அதன் உரையைப் பற்றிய கேள்வி, எண்ணினால் தெரியும். இந்த உள்ளீட்டுக்கு ஆயிரம் அடிக்குள் நிற்குமா என்பதை ஆயிரம் அடி ஓட்டிப் பார்த்துச் சொல்லலாம். இயந்திரமே எளியதாக இருந்தாலும் நிலைமை மாறிவிடும். குறிப்பிட்ட சில நிலைகளுக்குள் மட்டும் நகரும், வேறு நினைவகம் இல்லாத இயந்திரத்தின் வெறுமையைச் சோதிப்பது சுலபம்: நிலைகளைப் புள்ளிகளாகவும் நகர்வுகளை அம்புகளாகவும் வரைந்து, தொடக்கப் புள்ளியிலிருந்து ‘ஆம்’ என்ற புள்ளிக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எல்லையில்லாத நினைவகம் கிடைத்தபின்தான் இந்தத் தொல்லை.

நிரல் எழுதுகிறவர்கள் இந்தச் சுவரோடு தினமும் மோதுகிறார்கள், பெயர் தெரியாமலே. மதிப்பு கொடுக்காத மாறி எங்காவது பயன்படுகிறதா என்று ஜாவா கம்பைலர் பார்க்கும். துல்லியமாகப் பார்க்க முடியாது. பயன்படும் இடத்துக்கு முன்னால் M(w)-ஐ வைத்துவிட்டால் அதுவும் H-இன் வேலையாகிவிடும். ஆகவே கம்பைலர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது:

```
int k;
if (n > 0) k = 1;
if (n > 0) System.out.println(k);
```

இடையில் n மாறவில்லை. k-க்கு மதிப்பு வந்த பிறகுதான் அது அச்சாகும். நிரலில் தவறே இல்லை. ஆனாலும் கம்பைலர் இதை ஏற்காது. `variable k might not have been initialized` என்று திருப்பி அனுப்பிவிடும். நிபந்தனைகளின் மதிப்பை ஆராயாமல், இரண்டு பாதைகளும் திறந்திருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது அந்த மொழியின் விதி. தவறான ஒன்றை உள்ளே விடுவதைவிடச் சரியான சிலவற்றைத் தடுப்பது மேல் என்று விதியை எழுதியவர்கள் முடிவுசெய்திருக்கிறார்கள். அடுத்த முறை அந்தச் செய்தி திரையில் வந்தால் கம்பைலரைத் திட்டாதீர்கள். `int k = 0;` என்று மாற்றிவிட்டு வேலையைப் பாருங்கள்.